ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம்? தயாரிப்பு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

படம், தொலைக்காட்சி, விளம்பரம், மேடை நிகழ்ச்சி என்று எதற்கு யூனிட் சேர்த்தாலும் ஆள் பிடிக்கிற வேலை உங்களுடையது. புரொடக்‌ஷன் மேனேஜர், லைன் புரொடியூசர், நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் மாறும், ஆனால் எங்களுக்கு வரும் முதல் செய்தி மட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "இந்தத் தேதியில் ஃப்ரீயா? மூன்று நாள் வேலை. ஒரு நாளைக்கு எவ்வளவு?"

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். சொந்தமாக ரெக்கார்டர், பூம், வயர்லெஸ் மைக் எல்லாம் வைத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பிழைப்பு ஓடுகிறது. அந்த அனுபவத்தில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சம்பளத்தை ஏற்றச் சொல்லி எழுதவில்லை. நீங்கள் சொல்லும் 'நாள்' எதையெல்லாம் உள்ளடக்கியது, அதற்கான பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்ற இரண்டையும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை. அது ஏன் சின்ன விஷயம் இல்லை என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எந்த நாட்டுப் பணமாக வைத்துப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்.

ஒரு நிறுவனத்தின் பெரிய நிகழ்ச்சி, அதைப் படமாக்கவும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவாளருக்கு இரண்டு அழைப்பு வருகிறது. முதல் நிர்வாகி சொல்வது: நாளுக்கு 1200, மூன்று நாள், எல்லாம் சேர்த்து. இரண்டாமவர் சொல்வது: 10 மணி நேர நாளுக்கு 1000, அதற்கு மேல் போனால் மணிக்கு ஒன்றரை மடங்கு, கருவி வாடகை நாளுக்கு 300 தனி, முந்தைய நாள் கருவி சரிபார்ப்புக்கு அரை நாள் சம்பளம்.

புதிதாக வந்தவர் 1200-ஐத்தான் பிடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, பெரிய எண் அதுதானே.

இப்போது வேலை நடந்த விதத்தைப் பார்ப்போம். முதல் நாள் வேலைக்கு வரச் சொன்ன கால் டைம் காலை 6 மணி, அன்றைய வேலை முடிந்து பேக்அப் இரவு 8 மணி. அது 14 மணி நேரம். இரண்டாம் நாள் காலை 7 முதல் இரவு 10.30 வரை, 15.5 மணி நேரம். மூன்றாம் நாள் காலை 7 முதல் மாலை 7 வரை, 12 மணி நேரம். மொத்தம் 41.5. முந்தைய நாள் மைக் அலைவரிசை சரிபார்த்து, பேட்டரி ஏற்றி, கேமரா ஆட்களோடு டைம்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்ததில் 6 மணி நேரம் போனது. முடிந்த மறுநாள் கோப்புகளைப் பிரித்து, பெயரிட்டு, எடிட்டருக்கு அனுப்ப 2.5 மணி நேரம். ஆக 50 மணி நேரம். போக வர ஆன பயண நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

முதல் நிர்வாகியிடமிருந்து வருவது 3600. அந்தக் கருவிகளை வெளியில் எடுத்திருந்தால் நாளுக்கு 300 வீதம் 900 ஆகியிருக்கும், அதைக் கழிக்க வேண்டும். மிச்சம் 2700. ஐம்பதால் வகுத்தால் மணிக்கு 54. அவர் சொன்ன 1200-ஐ 10 மணி நேர நாளாக நினைத்து ஒப்புக்கொண்டவர் மனதில் இருந்தது மணிக்கு 120. பாதிகூட வரவில்லை.

இரண்டாமவரிடம் இதே வேலை நடந்திருந்தால் அடிப்படை 3000. கூடுதல் நேரம் 4, 5.5, 2 என்று 11.5 மணி, மணிக்கு 150 வீதம் 1725. சரிபார்ப்புக்கு 500. கருவிக்கு 900. மொத்தம் 6125. கருவி வாடகையைக் கழித்தால் 5225, மணிக்கு 104.50. 1000 சொன்னவர், 1200 சொன்னவரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறார்.

ஆனால் உண்மையில் இரண்டாமவர் அந்த 1725-ஐக் கொடுத்திருக்க மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடுதல் நேரத்துக்கு விலை இருந்தால், இரண்டாம் நாள் மாலை 5 மணிக்கே யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "இந்த ரெண்டு பேட்டியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று இயக்குநரிடம் போய் நிற்பார்கள். கூடுதல் நேரச் சம்பளத்தின் முக்கியமான பயன் எங்கள் பையில் விழும் காசு இல்லை, திட்டமிடுகிறவரைத் திட்டமிட வைப்பதுதான். 'எல்லாம் சேர்த்து' என்று பேசிய யூனிட்டில் பதினோராவது மணி நேரமும் இலவசம், பதினைந்தாவது மணி நேரமும் இலவசம். அங்கே யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இதில் நாள் எப்போது தொடங்குகிறது என்பதும் ஒரு குழப்பம். கால் டைம் என்றால் விடுதியை விட்டு வண்டி கிளம்பும் நேரமா, லொக்கேஷனில் நிற்க வேண்டிய நேரமா, முதல் ஷாட்டுக்குத் தயாராக இருக்க வேண்டிய நேரமா? மூன்றுக்கும் இடையே இரண்டு மணி நேரம்கூட வித்தியாசம் வரும். மேடை நிகழ்ச்சியில் இன்னும் மோசம். 'ஷோ ஒரு நாள்' என்பார்கள். முந்தைய இரவு கருவிகளை உள்ளே இறக்கும் லோட்-இன், காலையில் ஒத்திகை, மாலையில் நிகழ்ச்சி, நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை அவற்றை வெளியே ஏற்றும் லோட்-அவுட். நாள்காட்டியில் மூன்று தேதி ஓடியிருக்கும், இன்வாய்ஸில் ஒரு நாள் நிற்கும். தேதியை வைத்து நாள் கணக்கிடாமல் கால் டைமிலிருந்து கணக்கிட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

மேலே சொன்ன இரண்டாம் நாளுக்குக் கொஞ்சம் திரும்பப் போகலாம். பேக்அப் 10.30, மறுநாள் கால் டைம் 7. தாளில் பார்த்தால் எட்டரை மணி நேர இடைவெளி, பரவாயில்லை என்று தோன்றும். பேக்அப் என்று சத்தம் கேட்ட பிறகுதான் என்னுடைய கடைசி வேலை தொடங்குகிறது. பேச்சாளர்களின் சட்டையிலிருந்து லேப்பல் மைக்குகளைக் கழற்ற வேண்டும். ஒருவர் மைக்கோடு காரில் ஏறிப் போயிருப்பார், அவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். கேபிள் சுற்றி, அன்றைய கோப்புகளை இரண்டு டிரைவில் நகலெடுத்து, இரண்டும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பும்போது 11.15. ஒரு மணி நேரப் பயணம், 12.15. காலையில் 6 மணிக்குக் கிளம்ப வேண்டும், 5.15-க்கு எழ வேண்டும். நடுவில் ஐந்து மணி நேரம். அதற்குள்தான் குளியல், சாப்பாடு, பேட்டரி சார்ஜ், தூக்கம் எல்லாம். எட்டரை என்று எழுதியது நாலரை மணி நேரத் தூக்கமாகச் சுருங்கிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதி 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கேட்கிறது. அமெரிக்கத் திரைத் தொழிலாளர் சங்கமான ஐஏடிஎஸ்இ 2021-இல் வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடத்திய அளவுக்குப் போனதற்கு இந்த ஓய்வு நேரமும் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பேச்சுவார்த்தையில் 10 மணி நேர இடைவெளி கிடைத்தது. இது சொகுசுக்காகக் கேட்டது இல்லை. தொடர்ந்து 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினாலே குற்றம். அமெரிக்காவில் 1997-இல் ஒரு கேமரா உதவியாளர் 19 மணி நேர வேலை முடிந்து காரோட்டி வீடு திரும்பும்போது தூங்கிப்போய் விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு வேலை நாளுக்கு 14 மணி நேர உச்சவரம்பு கேட்டுப் பெரிய கையெழுத்து இயக்கமே நடந்தது.

ஆகவே பேக்அப் தள்ளிப்போனால் மறுநாள் கால் டைமும் தானாகவே தள்ளிப்போகும் என்று எழுதிக் கொடுங்கள். முடியாத நாளில், வண்டி ஓட்டாமல் வீடு போய்ச்சேர ஏற்பாடு செய்யுங்கள், அல்லது பக்கத்திலேயே அறை போடுங்கள். யூனிட்டில் வேலை கேட்கும்போது நான் ரகசியமாகச் சோதித்துப் பார்ப்பது இதைத்தான். "பேக்அப் லேட் ஆனால் மறுநாள் கால் டைம் எப்படி?" என்று கேட்பேன். "பத்து மணி நேரம் கழித்துத்தான்" என்று எண் வந்தால் அந்த இடத்தில் சாப்பாடும் நேரத்துக்கு வரும், பணமும் பெரும்பாலும் நேரத்துக்கு வரும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று வந்தால், எல்லாமே அப்படித்தான் பார்த்துக்கொள்ளப்படும்.

அப்புறம் பணம் வரும் தேதி.

"45 நாளில் பேமென்ட்" என்று சொல்கிறீர்கள். எந்த நாளிலிருந்து 45 என்று யாரும் சொல்வதில்லை. வேலை முடிந்த நாளா, இன்வாய்ஸ் அனுப்பிய நாளா, கணக்குப் பிரிவு அதை ஏற்றுக்கொண்ட நாளா, அந்த மாதக் கடைசியா? ஒரு சாதாரணமான உதாரணம், யாரும் யாரையும் ஏமாற்றாத உதாரணம், எடுத்துக்கொள்வோம். படப்பிடிப்பு மார்ச் 4 முடிந்தது. இன்வாய்ஸ் 6-ஆம் தேதி போனது. 20-ஆம் தேதி கணக்குப் பிரிவிலிருந்து பதில்: கொள்முதல் ஆணை எண் இல்லை, வெண்டர் படிவமும் நிரப்பவில்லை. அந்த எண் எங்களிடம் எப்படி இருக்கும்? நீங்கள் தந்தால்தான் உண்டு. 22-ஆம் தேதி எல்லாம் சரிசெய்து மறுபடி அனுப்பியாகிவிட்டது. நிறுவனத்தின் விதி 'மாதக் கடைசியிலிருந்து 45 நாள்'. மார்ச் 31-இலிருந்து எண்ணினால் மே 15. அங்கே பணம் விடுவது மாதத்தில் 10, 25 ஆகிய இரண்டு தேதிகளில்தான். எனவே மே 25. வேலை முடிந்து 82 நாள். இதில் எங்கும் விதி மீறல் இல்லை, எல்லாம் '45 நாள்' தான்.

அந்த ஆணை எண் மார்ச் 22-க்குப் பதில் ஏப்ரல் 2 கிடைத்திருந்தால்? கணக்கு ஏப்ரல் கடைசிக்குத் தாவுகிறது. ஜூன் 14 கெடு, ஜூன் 25 பணம், 113 நாள். உங்கள் மேசையில் ஒரு மின்னஞ்சல் பதினோரு நாள் கூடுதலாகக் கிடந்ததற்கு எங்கள் வீட்டில் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. நான் பார்த்த தாமதங்களில் பெரும்பாலானவை பணமில்லாமல் வந்தவை இல்லை. ஒரு எண்ணும் ஒரு படிவமும் வேலை முடிந்த பிறகு கேட்கப்பட்டதால் வந்தவை. ஆணை எண்ணையும் வெண்டர் படிவத்தையும் கால்ஷீட்டோடு சேர்த்து முதல் நாளே அனுப்பிவிட்டால் உங்களுக்கு ஒரு செலவும் இல்லை.

இன்னொரு வகைத் தாமதம் இருக்கிறது, அதை இவ்வளவு அமைதியாகச் சொல்ல முடியவில்லை. "கிளையண்ட் பணம் போட்டதும் உங்களுக்குப் போட்டுவிடுகிறோம்." அந்தக் கிளையண்டை நான் பார்த்ததில்லை, அவருடைய ஒப்பந்தத்தைப் படித்ததில்லை, அவர் பணம் தராவிட்டால் அவர்மீது எனக்கு எந்தப் பிடியும் இல்லை. லாபத்தில் பங்கு கேட்காத ஆளிடம் நஷ்டத்தில் பங்கு கேட்பது இது. பிரிட்டனில் கட்டுமானத் துறைக்குள் இப்படிப்பட்ட நிபந்தனையை, மேலே பணம் தருகிறவர் திவாலான நிலை தவிர மற்ற நேரங்களில் செல்லாததாக்கும் சட்டம் 1996-இலேயே வந்துவிட்டது. அங்கேயும் மேல் ஒப்பந்தக்காரர், கீழ் ஒப்பந்தக்காரர் என்று நம்மைப் போன்ற அடுக்குதான். அதே நாட்டில் 1998 சட்டம் ஒன்று, தாமதமான வணிகப் பாக்கிக்கு மத்திய வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்க உரிமை தருகிறது. நியூயார்க் நகரில் 2017 முதல், ஒப்பந்தத்தில் தேதி சொல்லாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் ஃப்ரீலான்ஸருக்குப் பணம் தர வேண்டும். சட்டம் எங்கே எப்படி இருந்தாலும், உங்கள் செய்தியில் ஒரு தேதி இருந்தால் பேசுவதற்கு ஒரு அடிப்படை இருக்கும்.

யார் பணம் தருகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரு படத்துக்கென்றே ஒரு தனி நிறுவனம் தொடங்குவது வழக்கம்தான், அதில் தவறு இல்லை. ஆனால் செய்தி அனுப்புவது ஒரு பெயர், கால்ஷீட்டில் ஒரு பெயர், இன்வாய்ஸ் போடச் சொல்வது மூன்றாவதாக ஒரு பெயர் என்று வந்தால் எங்களுக்குப் பயம் வருகிறது. படப்பிடிப்பு முடிந்ததும் அந்த மூன்றாவது நிறுவனத்தில் மிச்சமிருப்பது ஒரு வங்கிக் கணக்கு மட்டுமாக இருக்கலாம். அப்படிப்பட்ட வேலைக்கு முன்பணம் கேட்கிறோம் என்றால் உங்களை நம்பாமல் இல்லை, அந்தப் பெயரை எங்களுக்குத் தெரியாது.

தேதி பிளாக் செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. "அந்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்" என்பது ஹோல்டா, உறுதியா? ஹோல்ட் என்றால் அடுத்து வேறு ஒருவர் கேட்கும்போது நான் உங்களைக் கூப்பிட்டு, "உறுதி செய்கிறீர்களா, விட்டுவிடவா?" என்று கேட்பேன். நீங்கள் ஒரு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். உறுதி என்றால் வேறு வேலையை நான் மறுத்துவிடுவேன். அப்புறம் முந்தைய நாள் இரவு ரத்து செய்தால் அந்த நாளின் சம்பளம் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று இல்லை. ஆனால் யூனிட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அந்த மூன்றாவது நிலையில்தான் வாரக்கணக்கில் தொங்குகிறார்கள். வேலை பெரும்பாலும் ஒருவர் சொல்லித்தான் இன்னொருவருக்குக் கிடைக்கிறது, கேள்வி கேட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான் இதைத் தனித்தனியாகக் கேட்காமல் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் நெருக்கடி தெரியாமல் இல்லை. பட்ஜெட் மேலே முடிவாகிறது, இயக்குநர் நேரத்தைத் தாண்டுகிறார், கணக்குப் பிரிவு உங்கள் பேச்சைக் கேட்பதில்லை. உங்களில் பலருக்கே சம்பளம் தாமதமாகத்தான் வருகிறது. 'நாளுக்கு 1200-க்கு மேல் முடியாது' என்றால் முடியாது, சரி. அதை 10 மணி நேரத்துக்கு 1200 என்று எழுதுங்கள். கருவி வாடகைக்குப் பணமில்லை என்றால் கருவியை நீங்களே எடுத்துத் தாருங்கள், நான் வெறும் கையோடு வருகிறேன். குறைந்த தொகையை ஒப்புக்கொண்டோ மறுத்தோ முடிவெடுக்க எங்களால் முடியும். தெரியாத தொகையை வைத்துத்தான் முடிவெடுக்க முடியவில்லை.

நல்ல செய்தி எப்படி இருக்கும் என்றால் இப்படி: "ஒலிப்பதிவு, மூன்று நாள், முதல் ஹோல்ட். வெள்ளி மாலைக்குள் உறுதி செய்கிறோம் அல்லது விடுவிக்கிறோம். லொக்கேஷன் வந்து சேரும் நேரத்திலிருந்து உணவு இடைவேளை உட்பட 10 மணி நேரத்துக்கு 1000, அதன் பிறகு மணிக்கு 150. கருவி 300. சரிபார்ப்பு அரை நாள். பேக்அப்புக்கும் அடுத்த கால் டைமுக்கும் 11 மணி நேரம். 48 மணி நேரத்துக்குள் ரத்தானால் முழுச் சம்பளம். இன்வாய்ஸ் கிடைத்த 30 நாளில் பணம். இன்வாய்ஸ் எந்தப் பெயருக்கு என்பதும் ஆணை எண்ணும் இத்துடன்." தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் ஆகும். அடுத்த யூனிட்டுக்கு எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

எங்கள் பக்கமும் சில கடமைகள் உண்டு. கருவிப் பட்டியலை உறுதி செய்த அன்றே அனுப்ப வேண்டும். வேலை முடிந்த இரண்டு நாளுக்குள் இன்வாய்ஸ் வர வேண்டும், மூன்று மாதம் கழித்து மூன்று வேலைக்கும் சேர்த்து ஒன்றாக அனுப்பிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. இதையும் எங்கள் ஆட்கள் செய்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். கூடுதல் நேரத்தை நினைவிலிருந்து எழுதாமல் அன்றன்றைக்கு நேரத்தாளில் குறித்து, பேக்அப் ஆனதும் உதவி இயக்குநரிடமோ உங்களிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாளை நீட்டும்போது கையெழுத்துப் போடுங்கள். நேரம் தவறென்றால் அங்கேயே திருத்திவிட்டுப் போடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளை காலை 7 மணிக்கு அதைப் பார்க்க இருவருக்கும் நேரம் இருக்காது.

இப்படிக்கு,
யூனிட்டில் ஒலிப்பதிவு செய்யும் ஒருவன்